எண்பத்து மூன்றில் நுழைந்த பூஜ்யம்

வீட்டில் ஒரு வளைகாப்பு. சமையல் மாஸ்டரின் எண்ணைக் கேட்டேன். திண்டுக்கல்லில் இருக்கும் மாமா, கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, போனில் மைக் பொத்தானை அழுத்தி எண்ணை வாயாலேயே சொல்லி அனுப்பிவிட்டார். வந்தது சரியாகப் பத்து இலக்கம். அழைத்தேன். எடுத்தவர் யாரோ ஒரு லாரி ஓட்டுநர். "ராங் நம்பர் சார்" என்று வைத்துவிட்டார்.

மாமாவையே கூப்பிட்டேன். "கடைசி அஞ்சும் எண்பது மூணு, எழுபத்தேழு தானே மாமா?" என்றேன். "ஆமாடா, அதேதான்" என்றார். மறுபடி அழைத்தேன். மறுபடியும் அதே லாரிக்காரர், இந்த முறை கொஞ்சம் கடுப்போடு.

அப்புறம்தான் ஒவ்வொரு இலக்கமாகப் படித்துக் காட்டினேன். "எட்டு, பூஜ்யம், மூணு, ஏழு, ஏழு." மாமா பாதியிலேயே குறுக்கிட்டார்: "பூஜ்யமா? அதுல பூஜ்யமே கிடையாதேடா!"

உண்மையான கடைசி ஐந்து 83777. திரையில் வந்தது 80377. மாமா 'எம்பத்தி மூணு' என்று இழுத்துச் சொன்னதைப் போன் எண்பது, மூன்று என்று இரண்டாகப் பிரித்துவிட்டது. ஒரு பூஜ்யம் கூடுதலாகச் சேர்ந்தது. பிறகு 'ஏழு ஏழு ஏழு' என்று அவர் வேகமாக அடுக்கியதில் ஒரு ஏழு விழுங்கப்பட்டது. ஒரு தப்பு ஓர் இலக்கத்தைக் கூட்ட, இன்னொரு தப்பு ஓர் இலக்கத்தைக் குறைக்க, மொத்தம் பத்து என்ற கணக்கு மட்டும் அப்படியே நின்றது.

மற்ற வாக்கியங்களை ஓரளவு ஒழுங்காக எழுதும் போன், எண்ணில் மட்டும் ஏன் இப்படித் தடுமாறுகிறது? 'நாளைக்கு மழை வரும்போல' என்று நாம் பாதி விழுங்கிச் சொன்னாலும் அது சரியாக எழுதிவிடும். 'நாளைக்கு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எது வரும், எது வராது என்று அதற்கு ஒரு பழக்கம் உண்டு. காதில் பாதி விழுந்தாலும் மீதியை அந்தப் பழக்கத்தால் நிரப்பிக்கொள்கிறது. ஆனால் மூன்றுக்குப் பிறகு ஏழு வர வேண்டும் என்று எந்த இலக்கணமும் இல்லை. எதுவும் வரலாம். அதனால் காதில் விழாததை ஊகிக்க அதற்கு வழியே கிடையாது.

கேட்டு முடித்தபின் இன்னொரு வேலையும் நடக்கிறது. சொல்லாகக் கேட்டதை இலக்கமாக மாற்ற வேண்டும். நாம் 'தொண்ணூறு எட்டு' என்றால் அது 98-ஆ, 908-ஆ? 'நூத்தி அஞ்சு' என்றால் 105-ஆ, 1005-ஆ? 'டபுள் நைன்' என்றால் 99 என்று போட வேண்டுமா, 'double 9' என்று எழுத வேண்டுமா? மனிதர்கள் நிறுத்தத்தையும் குரலையும் வைத்துப் புரிந்துகொள்கிறார்கள். போன் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போட்டுவிடும். விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கும்போது தமிழில் எண் சொன்னால் கேட்கவே வேண்டாம். என் 'ஏழு' ஒருமுறை 'yellow' ஆனது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் எழுத்துகள் மாறிக்கொண்டிருக்கும். முதலில் சரியாக வந்தது, அடுத்த சொல் கேட்டதும் திருத்தப்பட்டு வேறாகிவிடும். 'நான் பார்த்தேனே, சரியாத்தானே வந்துச்சு' என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. நடுவில் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மைக்கை அணைத்த பிறகு நிற்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம், முந்தைய பதினொன்றையும் வைத்துக் கணக்கிட்டுப் போடப்படுவது. ஓர் இலக்கம் மாறினாலோ, பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலோ கணக்கு உதைக்கும். கைபேசி எண்ணில் அப்படிப்பட்ட காவல் இலக்கம் எதுவும் இல்லை. பத்து இலக்கம் இருக்கிறதா, 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்குகிறதா என்று மட்டும் பார்க்கலாம். அதைத் தாண்டி, தப்பான எண்ணும் பார்வைக்குச் சரியான எண்தான். அது வேறு யாருடையதோ, அவ்வளவே.

ஆகவே எண்ணுக்குச் சொந்தக்காரரிடமோ, எழுதி வைத்திருப்பவரிடமோ படித்துக் காட்டுவதுதான் வழி. அதிலும் நான் செய்த முதல் தவறைக் கவனியுங்கள். மாமா எப்படிச் சொன்னாரோ அதே தாளத்தில் நானும் 'எண்பது மூணு' என்றேன். அவர் காதில் அது 83 என்றே விழுந்தது. இரண்டிரண்டாகச் சொன்னதை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்ட வேண்டும். மூன்று ஏழு வந்தால் 'ஏழு மூணு தடவை' என்று எண்ணிக்கையோடு சொல்வது நல்லது. படிப்பவர் திரையைப் பார்த்துப் படிக்க வேண்டும், கேட்பவர் தாளில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டும். 'ஆமா ஆமா' என்பதெல்லாம் சரிபார்ப்பு ஆகாது.

எண்ணுக்குரியவர் எதிரிலேயே இருந்தால் இத்தனை பாடும் வேண்டாம். ஒரு மிஸ்டு கால் போதும். அவருடைய போன் அடித்தால் எண் சரி.

பெயர் விஷயம் இன்னும் மோசம். ஆங்கில எழுத்துகளில் பி, சி, டி, ஜி, வி எல்லாமே 'ஈ' என்ற ஒரே ஒலியில் முடிகின்றன. வித்தியாசம் தொடக்கத்தில் வரும் கண நேரச் சத்தத்தில் மட்டுமே இருக்கிறது. எம், என் இரண்டுக்கும் வித்தியாசம் முடிவில் வரும் சத்தத்தில் மட்டுமே. நம் ஊரில் இனிஷியல் என்பதே தனியாக நிற்கும் ஓர் எழுத்து. பெயரில் எழுத்து மாறினால் பார்த்ததும் தெரியும். 'எம்' என்ற இனிஷியல் 'என்' ஆனால் யார் கண்ணுக்கும் படாது.

போனில் மனிதரிடம் சொல்லும்போது நாம் ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொள்கிறோம். அதிலும் தமிழ் ஒரு பொறி வைத்திருக்கிறது. 'பவானி', 'பழனி' இரண்டுக்கும் நாம் எழுதுவது ஒரே ப. ஆங்கிலத்தில் பவானி B, பழனி P. திண்டுக்கல் D, தென்காசி T. குடியாத்தம் G, கரூர் K. ஆங்கில எழுத்தை மனதில் வைத்து ஊரைத் தேர்ந்தெடுத்தால் இவை அருமையான ஜோடிகள். ஆனால் மைக்கிடம் 'பி ஃபார் பவானி' என்றால் அது பவானியையும் சேர்த்தே எழுதிவிடும். இந்த உத்தி மனிதக் காதுக்கு மட்டும்தான். எழுத்துக்கூட்டும் பெயரைக் கையால் தட்டச்சு செய்துவிடுங்கள்.

மாஸ்டருக்கு முன்பணம் அனுப்ப வேண்டியிருந்தது. அவருடைய வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் மாமா வாயாலேயே சொல்லி அனுப்பியிருந்தார். பதினொரு எழுத்தில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம்தான், 'ஓ' என்ற எழுத்து அல்ல. வந்திருந்தது 'ஓ'. அதைத் திருத்தினேன். கணக்கு எண்ணுக்கு அப்படியொரு அடையாளம் இல்லாததால் ஒரு ரூபாய் மட்டும் அனுப்பிவிட்டு மாஸ்டரைக் கூப்பிட்டேன். "வந்துருச்சு சார், ஒரு ரூபாய்தான் வந்திருக்கு" என்றார், கொஞ்சம் கவலையோடு.