கட்டியின் இடமும் கதிரின் அளவும்

நெடுங்காலம் புகைபிடித்த முதியவர் ஒருவரின் சுவாசப்பை ஓரத்தில் 2 சதமமீற்றர் அளவான புற்றுக்கட்டி இருப்பதாகக் கொள்வோம். அது வேறிடம் பரவவில்லை, வெட்டி அகற்றலாம். ஆனால், படியேறவே மூச்சிளைக்கும் அவர் சத்திரசிகிச்சையைத் தாங்கமாட்டார். இத்தகையோருக்கு உதவுவது இடந்துல்லியக் கதிர்ச் சிகிச்சை.

பல திசைகளிலிருந்து செல்லும் கதிர்கள் கட்டியில் ஒன்றுகூடுகின்றன. வழியிலுள்ள உறுப்புகளுக்கு ஊறு சிறிதே. கூடுமிடத்தில் மட்டும் வலிமை பெருகும். மூச்சுடன் கட்டி அசைவதால், அவ்வசைவை முன்னரே படம்பிடித்து அளப்பர். அமெரிக்காவில் 2010இல் வெளியான ஆய்வொன்றில், ஓரத்துக் கட்டிகளுக்கு 54 கிறே கதிர் 3 வேளைகளில் கொடுக்கப்பட்டது. மூன்றாண்டுகளின் பின்னரும், நூற்றுக்கு 97க்கு மேற்பட்டோரில் அக்கட்டி மீண்டும் வளரவில்லை.

ஆயினும், பெரிய மூச்சுக்குழாய்களை அடுத்துள்ள கட்டிக்கு இம்முறை ஆகாது. அத்தகைய நோயாளரிடையே கடுந்தீங்குகள் மிகுந்திருந்ததை இந்தியானாப் பல்கலைக்கழக வைத்தியர்கள் 2006இல் எடுத்துக்காட்டினர். ஓரத்துச் சிறுகுழாய் அழிந்தால் சிறு பகுதியே செயலிழக்கும். பெருங்குழாய் சிதைந்தாலோ, அதற்கப்பாலுள்ள பகுதி முழுவதுமே அடைபடும். ஆகவே, நடுப்பகுதிக் கட்டிகளுக்கு ஒவ்வொரு வேளையின் அளவையும் குறைத்து, 5 அல்லது 8 வேளைகளாகப் பகிர்ந்தளிப்பர். நம் முதியவரின் கட்டியோ ஓரத்திலுள்ளது. அவருக்கு 3 வேளைகள் போதும்.