கடை விளம்பரத்தில் குழந்தை முகம், ஊழியர் முகம்

வாடிக்கையாளரின் குழந்தையையோ கடையில் வேலை பார்ப்பவரையோ விளம்பரப் படத்தில் காட்டுவதற்குச் சம்மதம் வேண்டும் என்பது புதிய விதி அல்ல. 1994-ல் நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடலாமா என்பதே அந்த வழக்கின் விவகாரம். ஆனாலும் அந்தரங்க உரிமை எப்போது மீறப்படுகிறது என்று விளக்கும் இடத்தில், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் அனுமதியின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை நீதிமன்றம் முதல் உதாரணமாகக் காட்டியது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முகம் அடையாளம் தெரியும்படி எடுத்த படமும் அந்தச் சட்டத்தின் பார்வையில் தனிநபர் தரவுதான்.

இந்தச் சட்டத்தில் இரண்டு விஷயங்கள் விளம்பரம் செய்வோரை நேரடியாகத் தொடுகின்றன. 18 வயது நிறையாத எவரும் குழந்தையே. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் சம்மதம் வேண்டும், அவர் வயது வந்தவர்தான் என்பதைச் சரிபார்த்திருக்கவும் வேண்டும். அடுத்து, யாருடைய சம்மதமானாலும் அது தானாக முன்வந்து, எதற்கு என்று தெரிந்து, குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காகத் தரப்பட்டதாக இருக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலான கடைகள் சறுக்குவது இந்தக் கடைசி நிபந்தனையில்தான்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள நடுத்தர ஜவுளிக்கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். தீபாவளி விற்பனைக்காக முப்பது வினாடி ரீல்ஸ் ஒன்றை எடுக்கிறது. அதில் மூன்று காட்சிகள். பட்டுப் பாவாடை போட்டுக் கண்ணாடி முன் நிற்கும் சிறுமி, சேலையை விரித்துக் காட்டும் விற்பனைப் பெண், பில் போடும் இடத்தில் நிற்கும் கூட்டம்.

முதல் காட்சி. சிறுமியோடு வந்த பெண்மணி, “எடுத்துக்கோங்க சார், பரவாயில்லை” என்கிறார். அவர் அம்மாவாக இருக்கலாம், சித்தியாகவும் இருக்கலாம். பண்டிகைக் கடைக்குக் குடும்பமே சேர்ந்து வருவது நம் வழக்கம். தாத்தாவோ சித்தியோ பெரியம்மாவோ அன்பினால் சொல்லும் சம்மதம், சட்டம் கேட்கும் சம்மதம் ஆகாது. பெற்றோர் யார் என்று கேட்டு, அவரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். அந்தத் தாளில் என்ன படம், எங்கே போடப்படும், எவ்வளவு காலம், காசு கொடுத்துப் பரப்பும் விளம்பரத்திலும் வருமா, வேண்டாம் என்றால் எந்த எண்ணில் சொல்வது என்பதெல்லாம் எளிய தமிழில் இருக்க வேண்டும். இத்தகைய அறிவிப்பை ஆங்கிலத்திலோ அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் உள்ள மொழி. “விளம்பர நோக்கங்களுக்குப் பயன்படுத்தலாம்” என்ற ஒற்றை வரிச் சம்மதம் எதற்கும் பொருந்தும். ஆகவே எதையும் குறிப்பிடவில்லை என்றே ஆகும். பெற்றோர் கையெழுத்துப் போட்ட பிறகும் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் கேமராவை இறக்கிவிடுவதே முறை.

காட்சியை எடுத்த பிறகுதான் முக்கியமான வேலை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஜவுளிக்கடையில் எங்கும் நிலைக்கண்ணாடி இருப்பதால், சம்மதம் கொடுத்த சிறுமிக்குப் பின்னால் சம்மதம் கேட்கப்படாத இன்னொரு குழந்தை கண்ணாடியில் தெரியும். பள்ளி விட்டு நேராக வந்த பிள்ளைகளின் சீருடையில் பள்ளிச் சின்னம் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். பின்னணியில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒலியில் பதிவாகியிருக்கும். முகம், பெயர், பள்ளி, ஊர் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்தால், அந்தக் குழந்தையைப் பள்ளி வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட முன்பின் தெரியாத ஒருவரால் முடியும். ஆகவே முகத்தைக் காட்டச் சம்மதம் இருந்தாலும் மற்ற மூன்றையும் அதனோடு சேர்க்காமல் விடுவது நல்லது. முகமே தேவைதானா என்பதையும் முதலில் யோசிக்கலாம். பாவாடையின் ஜரிகைக் கரையைக் காட்டக் குழந்தையின் முதுகுப் பக்கமோ பொம்மையோ போதும்.

வாடிக்கையாளரின் பிள்ளையை விட்டுவிட்டு, நடிப்பதற்கென்றே ஒரு குழந்தையை அழைத்து வந்தால் வேறு சட்டம் உள்ளே வருகிறது. குழந்தைத் தொழிலாளர் தொடர்பான விதிகளில் 2017-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, படப்பிடிப்பு நடத்துபவர் மாவட்ட ஆட்சியரின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சம்பாத்தியத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அந்தக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். உள்ளூர்க் கடைகளுக்கு விளம்பரம் எடுத்துத் தருபவர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

இரண்டாவது காட்சி சேலை விரிக்கும் ஊழியர். இங்கே சிக்கல் நுட்பமானது, ஏனென்றால் முதலாளி கேட்கும்போது ஊழியரால் எளிதில் மறுக்க முடியாது. வேலைக்குத் தேவையான சில காரணங்களுக்காக ஊழியரின் தரவைத் தனிச் சம்மதம் இல்லாமலே நிறுவனம் கையாளலாம் என்று 2023 சட்டம் அனுமதிக்கிறது. சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு போன்றவை அதில் அடங்கும். ஊழியரின் முகத்தை வைத்துச் சேலை விற்பது அந்த வகையில் சேராது என்றே கொள்ள வேண்டும். பணி நியமனக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் “படங்களை நிறுவனம் பயன்படுத்தலாம்” என்று ஒரு வரி சேர்த்து அதையே சம்மதமாகக் காட்டுவதும் சரியல்ல. வேலை வேண்டுமானால் கையெழுத்துப் போடு என்ற நிலையில் போட்ட கையெழுத்து, தானாக முன்வந்து தந்ததாகாது.

மறுப்பவருக்கு என்ன காரணம் இருக்கும் என்று கேட்பதே தவறான தொடக்கம். கணவரின் அடியிலிருந்து தப்பி வேறு ஊரில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். வீட்டில் வேலைக்குப் போவதைச் சொல்லாதவராக இருக்கலாம். முந்தைய ரீல்ஸின் கீழே வந்த ஆபாசக் கருத்துகளைப் படித்துக் கூனிக் குறுகியவராக இருக்கலாம். மார்பில் குத்திய பெயர்ப்பட்டையைப் பெரிதாக்கிப் படித்து, இன்ஸ்டாகிராமில் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்துத் தொல்லை கொடுக்க ஐந்து நிமிடம் போதும். எனவே படப்பிடிப்பு எந்த நாள், எந்தத் தளம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். விருப்பமில்லாதவர் அந்த நேரத்துக்கு வேறு பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம் என்றும், அதனால் சம்பளத்திலோ ஊக்கத்தொகையிலோ ஒரு ரூபாய் குறையாது என்றும் சொல்ல வேண்டும். கேமராவுக்கு முன் நிற்பவர் பெயர்ப்பட்டையைக் கழற்றிவிடலாம். கருத்துப் பெட்டியை யார் கவனிப்பது என்பதையும் அன்றே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது காட்சி கூட்டம். அதைப் பின்னாலிருந்து, முகம் தெரியாமல் எடுப்பதே போதுமானது. “இங்கு கண்காணிப்புக் கேமரா உள்ளது” என்ற பலகை, திருட்டைத் தடுக்கப் பதிவு செய்வதை மட்டுமே அறிவிக்கிறது. அந்தப் பதிவில் ஒரு குழந்தை துணிக் குவியலுக்குள் ஒளிந்து விளையாடுவது எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வெட்டி ஸ்டேட்டஸில் போட அந்தப் பலகை உரிமை தராது.

முகத்தை மறைப்பதிலும் கவனம் வேண்டும். லேசாக மங்கலாக்கினால், தெரிந்தவர்கள் நடையையும் உடையையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சில சமயம் மென்பொருள் கொண்டு முகத்தை ஓரளவு ஊகிக்கவும் முடியும். முழுக்க ஒரே நிறத்தால் மூடுவதே நம்பகமானது. வெட்டிவிட்டால் போய்விட்டது என்றும் நினைக்க முடியாது. கூகுள் பிக்சல் போனில் வெட்டிய படங்களின் நீக்கிய பகுதியை மீட்டெடுக்க முடிந்த குறைபாடு 2023-ல் வெளிவந்தது. போனில் எடுத்த படத்தின் கோப்புக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிந்திருக்கலாம். அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினாலோ, அப்படியே இணையதளத்தில் ஏற்றினாலோ அதுவும் கூடவே போகும். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டால் இது தீரும்.

இனி, திரும்பப் பெறுதல். பொங்கல் முடிந்து சேலை விரித்த பெண் வேலையை விட்டு நின்று, படத்தை எடுத்துவிடச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் அழிப்பது ஒரு நிமிட வேலை. அதே வீடியோ ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் இருக்கிறது. காசு கட்டி ஓடும் விளம்பரக் கணக்கில் இருக்கிறது. பேருந்து நிலையத்து ஃபிளக்ஸில் இருக்கிறது. படம் எடுத்தவரின் ஹார்ட் டிஸ்கில் வெட்டப்படாத முழுப் பதிவும் இருக்கிறது. எங்கெல்லாம் போனது என்று கடைக்காரருக்கே தெரியாவிட்டால், சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை தாளில் மட்டும்தான் இருக்கும்.

இதற்கு ஒரு குறிப்பேடு போதும். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண். அதில் இருப்பவர்கள், சம்மதத் தாள், வெளியிட்ட இடங்கள், முடியும் தேதி. படப்பிடிப்பாளரோடு போடும் ஒப்பந்தத்தில், வேலை முடிந்ததும் மூலப் பதிவுகளை ஒப்படைத்து அழிக்க வேண்டும், தன் திறமைக்குச் சான்றாகத் தன் பக்கத்தில் போடக் கூடாது என்று எழுதிக்கொள்ள வேண்டும். இத்தனைக்குப் பிறகும் யாரோ தரவிறக்கிப் பரப்பிய பிரதியை மீட்க முடியாது. இதைச் சம்மதம் வாங்கும்போதே பெற்றோரிடமும் ஊழியரிடமும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

தீபாவளியை ஒட்டி நடக்கும் இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆதரவற்றோர் இல்லத்துக்குப் புத்தாடை கொடுத்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கடைப் பெயர் போட்ட பையோடு படம் எடுத்து வெளியிடுகிறார்கள். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளின் படத்தையும் அடையாளத்தையும் வெளியிடுவதற்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இல்லத்தின் பொறுப்பாளர் தலையாட்டினார் என்பது இதற்கு விடையாகாது. கொடுக்கிற துணியைப் படம் எடுக்காமலே கொடுக்கலாம்.

2023 சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தன் குழந்தையோ தானோ கேட்காமல் எடுத்த படத்தில் இருப்பதைப் பார்த்தவர், படத்தின் இணைப்பையும் தேதியையும் குறித்து, நீக்கும்படி எழுத்தில் கடைக்கு அனுப்பி, ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். அதைக் கேட்கும் உரிமை இன்றும் அவருக்கு உண்டு.