தொட்டியில் தங்கிய லாபம்: டீசல் விலை ஏறும்போது ஃபிஃபோவும் சராசரியும்

சரக்கிருப்பை எப்படி மதிப்பிடுறது, அதுல ஃபிஃபோவுக்கும் சராசரி முறைக்கும் என்ன வித்தியாசம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. புத்தகத்துல இதுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லாத 'அ' கம்பெனியை உதாரணமா வைப்பாங்க. நாம ஒரு பெட்ரோல் பங்க்கை எடுத்துக்கலாம். இடம் தொப்பூர். பெங்களூருலேர்ந்து சேலம் போற தேசிய நெடுஞ்சாலை 44-ல, தருமபுரியைத் தாண்டினதும் வர்ற கணவாய். லாரிகள் இரவும் பகலும் ஓடுற ரோடு அது. பங்க் கற்பனைதான், ஆனா விலை ஏறின கதை நிஜம்.

2021 நவம்பர் தொடக்கத்துலேர்ந்து நாலரை மாசத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் விலையை மாத்தவே இல்லை. 2022 மார்ச் 22-ல ஏத்த ஆரம்பிச்சாங்க. 16 நாள்ல 14 தடவை, கிட்டத்தட்ட 10 ரூபாய். சென்னையில டீசல் 91.43-லேர்ந்து 100.94 ஆச்சு. நிதியாண்டு முடியற மார்ச் 31-ம் இந்த 16 நாளுக்கு நடுவுலயே வந்துது. அதாவது, விலை ஏறிக்கிட்டு இருக்கும்போதே எல்லா பங்க்கும் தொட்டியில மிச்சம் எவ்வளவுன்னு அளந்து, அதுக்கு ஒரு மதிப்புப் போட்டாகணும்.

லிட்டர் எவ்வளவுங்கறதுல சிக்கல் இல்லை. அளவுகோலைத் தொட்டிக்குள்ள விட்டா தெரிஞ்சிடும். அந்த லிட்டரை எந்த விலையில எழுதுறதுங்கறதுதான் கேள்வி.

கணக்கைப் போடுவோம். எளிதா இருக்க முழு எண்களாவே எடுத்துக்கறேன். தொடக்கத்துல தொட்டியில 10,000 லிட்டர் இருக்கு, வாங்கினது 90 ரூபாய்க்கு. அப்புறம் மூணு லோடு வருது, ஒவ்வொண்ணும் 10,000 லிட்டர், விலை 92, 94, 96. பங்க் உரிமையாளருக்கு லிட்டருக்கு 2 ரூபாய் கமிஷன்னு வெச்சுப்போம். அப்போ விற்பனை விலை 94, 96, 98. ஒவ்வொரு விலையிலும் 10,000 லிட்டர் விற்குது. மொத்த விற்பனை 28,80,000 ரூபாய். கடைசியில தொட்டியில 10,000 லிட்டர் மிச்சம்.

ஃபிஃபோன்னா, முதல்ல வந்த சரக்கு முதல்ல போயிடுச்சுன்னு கணக்குல எடுத்துக்கறது. வித்த 30,000 லிட்டரோட அடக்க விலை 90, 92, 94-ல வாங்கின மூணு பங்கு, ஆக 27,60,000. தொட்டியில இருக்கறது கடைசி லோடு, 96 விலையில 9,60,000. மொத்த லாபம் 1,20,000.

எடையிட்ட சராசரியில, நாலு பங்கோட விலையையும் கூட்டி 40,000 லிட்டரால வகுக்கணும். லிட்டருக்கு 93 வரும். வித்ததோட அடக்கம் 27,90,000, தொட்டியில இருக்கறது 9,30,000. மொத்த லாபம் 90,000. லோடு வர்ற ஒவ்வொரு தடவையும் புதுசா சராசரி போடுற முறையும் இருக்கு. அதுல எண் கொஞ்சம் மாறும், தத்துவம் மாறாது.

ஒரே பங்க், அதே டீசல், அதே லாரிகள். ஆனா லாபத்துல 30,000 ரூபாய் வித்தியாசம். இப்போ கல்லாப்பெட்டியைப் பாருங்க. வந்த பணம் 28,80,000, மூணு லோடுக்குக் கொடுத்தது 28,20,000. கையில இருக்கறது 60,000 மட்டும்தான். எந்த முறையில எழுதினாலும் இந்த 60,000 மாறாது.

இந்த 60,000-க்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு. 30,000 லிட்டருக்கு 2 ரூபாய் கமிஷன் போட்டாலும் 60,000-தான் வரும். அதுதான் இந்த வியாபாரத்தோட உண்மையான வருமானம். ஃபிஃபோ காட்டுற மீதி 60,000, பழைய விலையில வாங்கின சரக்கு புது விலைக்குப் போனதால வந்தது. அது ரூபாயா கையில இல்லை, தொட்டிக்குள்ள டீசலா இருக்கு. முன்னாடி 9 லட்சத்துக்கு நிரம்பின அதே 10,000 லிட்டருக்கு இப்போ 9,60,000 வேணும். சராசரி முறையில இந்தச் சரக்கு லாபம் பாதிதான் தெரியும், 30,000. லாபம் 1,20,000-ன்னு நம்பி உரிமையாளர் அத்தனையையும் வீட்டுச் செலவுக்கு எடுத்தா, அடுத்த லோடுக்கான காசுல கை வைக்கிறார்னு அர்த்தம். அதோட, ஃபிஃபோ கூடுதலா காட்டுற 30,000-க்கு இந்த வருஷமே வரியும் கட்டணும்.

அடுத்து விகிதங்கள். மொத்த லாப விகிதம் ஃபிஃபோவுல 4.2 சதவீதம், சராசரியில 3.1 சதவீதம். வங்கிக்கடன் 6,80,000-ன்னும், சொத்துப் பக்கம் சரக்கும் கையிருப்பு 60,000-மும் மட்டும்னும் வெச்சா, நடப்பு விகிதம் ஃபிஃபோவுல 1.5, சராசரியில 1.46. சரக்கு எத்தனை சுற்று சுத்துதுங்கற விகிதம் மட்டும் எதிர்ப்பக்கம் போகும். ஃபிஃபோவுல அடக்கம் குறைவு, இருப்பு மதிப்பு அதிகம், அதனால சுற்று 2.97. சராசரியில 3.05. சரக்கு மதிப்புல 75 சதவீதம் வரை கடன் எடுக்கலாம்னு வங்கி சொல்லியிருந்தா, ஃபிஃபோ பங்க்குக்கு 22,500 ரூபாய் கூடுதலா கிடைக்கும். பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு பங்க்கை இந்த எண்களை மட்டும் வெச்சு ஒப்பிட்டா, நல்லா நடத்துறவர் யார்னு கண்டுபிடிக்க முடியாது.

அப்போ ஃபிஃபோ ஏமாத்து வேலையா? இல்லை. இந்தியாவுல கணக்கியல் தரநிலை 2, ஒண்ணோட ஒண்ணு மாத்திக்கக்கூடிய சரக்குக்கு ரெண்டு முறையையும் அனுமதிக்குது. கடைசியா வந்தது முதல்ல போகும்ங்கற முறைக்கு மட்டும் இங்கே இடமில்லை, அமெரிக்காவுல உண்டு. தொட்டிக்குள்ள டீசல் எல்லாம் கலந்துதானே கிடக்கு, சராசரிதானே நியாயம்னு தோணலாம். ஆனா கணக்கு பார்க்கறது விலை எப்படி நகர்ந்துதுங்கறதைத்தான், டீசல் எப்படி நகர்ந்துதுங்கறதை இல்லை.

விலை இறங்கும்போது என்ன ஆகும்? அதுவும் நடந்துது. 2022 மே 21 சாயங்காலம் மத்திய அரசு டீசல் மேல கலால் வரியை 6 ரூபாய் குறைச்சுது. மறுநாள் சென்னையில டீசல் 94.24, அதாவது 6.70 குறைவு. பழைய வரியோட வாங்கி வெச்ச சரக்கை பங்க்குகள் குறைஞ்ச விலைக்கு விக்க வேண்டியதாச்சு.

நம்ம பங்க்குல அந்த 10,000 லிட்டர் இருக்கும்போதே இது வந்திருந்தா, விற்பனை விலை 98-லேர்ந்து 91.30 ஆகும். அடக்க விலை, விற்றா கிடைக்கிற விலை, இதுல எது குறைவோ அதுலதான் சரக்கை எழுதணும்கறது விதி. ஃபிஃபோவுல லிட்டருக்கு 4.70 நஷ்டம், மொத்தம் 47,000. சராசரியில 1.70, மொத்தம் 17,000. முன்னாடி வந்த லாபத்துலேர்ந்து கழிச்சுப் பாருங்க. 1,20,000-ல 47,000 போனா 73,000. 90,000-ல 17,000 போனாலும் 73,000.

முறை எதுவா இருந்தாலும் மொத்த லாபம் ஒண்ணுதான். அதை எந்த வருஷம் காட்டுறோம்ங்கறதுதான் மாறுது. விலை ஏறும்போது ஃபிஃபோ முன்னாடியே காட்டிடும், இறங்கும்போது அதிகமா திருப்பி எடுத்துக்கும்.

அதனால ஒரு கம்பெனி அறிக்கையில லாப விகிதம் திடீர்னு ஏறியிருந்தா, கணக்கியல் கொள்கைக் குறிப்புல சரக்கிருப்புன்னு இருக்கற பத்தியைப் படிங்க. எந்த முறைன்னு அங்கே எழுதியிருக்கணும். இந்த வருஷம் முறையை மாத்தியிருந்தா, அதையும் லாபத்துல எவ்வளவு வித்தியாசம் வந்துதுங்கறதையும் சொல்லியிருக்கணும். அப்புறம் பணப்புழக்க அறிக்கைக்குப் போங்க. லாபம் ஏறியும் வியாபாரத்துலேர்ந்து வந்த பணம் ஏறலைன்னா, சரக்கு அளவு கூடாமலேயே அதோட மதிப்பு மட்டும் கூடியிருக்கான்னு பாருங்க. கூடியிருந்தா, அந்த லாபம் இன்னும் தொட்டிக்குள்ளதான் இருக்கு.