ஏலப் படிகளை விழுங்கும் இரண்டு ஸ்பேட்

பிரிட்ஜ் ஆட்டத்தில் சீட்டு இறங்குவதற்கு முன் ஏலம் நடக்கிறது. எந்தச் சின்னம் துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்பதை எதிரெதிரே அமர்ந்த இரண்டு கூட்டாளிகளும் அந்த ஏலத்தின் வழியாக மட்டுமே பேசிக்கொள்ள முடியும். 1 கிளப் முதல் 7 நோ டிரம்ப் வரை மொத்தம் 35 படிகள். எண்ணோடு ஆறைக் கூட்டினால் எடுக்க வேண்டிய பிடிகள் வரும். கிளப், டைமன்ட், ஹார்ட், ஸ்பேட், நோ டிரம்ப் என்பது ஏறுவரிசை. ஒரு படி தாண்டிவிட்டால் திரும்பி இறங்க வழியில்லை.

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 எனப் பாயின்ட் எண்ணுவார்கள். சாதாரணமாக ஏலத்தைத் தொடங்க 12, 13 பாயின்ட் வேண்டும். 'வீக் டூ' இதற்கு நேர் எதிர். கையில் 6 முதல் 10 பாயின்ட்தான், ஆனால் ஒரே சின்னத்தில் ஆறு நல்ல சீட்டுகள். உடனே 2 ஸ்பேட் என்று கேட்டுவிடுகிறோம். எதிராளிகள் வாய் திறக்கும் முன்பே கீழேயுள்ள எட்டுப் படிகள் போய்விட்டன. இந்த முறையை இன்றைய வடிவில் பரப்பியவராக அமெரிக்க ஆட்டக்காரர் ஹோவர்ட் ஷெங்கன் பெயரைச் சொல்வார்கள்.

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். தெற்கில் நாம். ஸ்பேடில் ராஜா, ராணி, ஜாக், 9, 7, 4. ஹார்ட்டில் 6, 2. டைமன்டில் ராணி, 8, 3. கிளப்பில் 7, 5. எட்டே பாயின்ட். மேற்கே இருப்பவரிடம் 13 பாயின்ட், ராஜா ஜாக் தலைமையில் ஐந்து ஹார்ட், இரண்டு சின்ன ஸ்பேட். அவருடைய கூட்டாளி கிழக்கிடம் 14 பாயின்ட், ராணியோடு மூன்று ஹார்ட், நல்ல ஐந்து கிளப், ஸ்பேடில் ஏஸும் 5-உம்.

நாம் பாஸ் சொல்லியிருந்தால் மேற்கு 1 ஹார்ட் என்பார், கிழக்கு 2 கிளப் என்று பதில் தருவார், பிறகு ஹார்ட் ஆதரவைக் காட்டுவார். 4 ஹார்ட்டில் நிதானமாகப் போய் நின்று பதினொரு பிடி எடுப்பார்கள். நோ டிரம்ப்புக்குப் போயிருந்தால் நம் ஸ்பேட் ஓடிவிடும் என்பதையும் அந்த உரையாடலில் கண்டுபிடித்திருப்பார்கள்.

நாம் 2 ஸ்பேட் கேட்கிறோம். இப்போது மேற்கு தன் ஐந்து ஹார்ட்டைக் காட்ட மூன்றாம் தளத்துக்கு ஏற வேண்டும். ஜாக்குக்குக் கீழே ஓட்டை இருக்கும் சின்னத்தோடு, 13 பாயின்ட்டை நம்பி ஒன்பது பிடிக்கு வாக்குக் கொடுக்கத் தயங்கிப் பாஸ் சொல்கிறார். நம் கூட்டாளி வடக்கிடம் வெறும் 5 பாயின்ட், ஆனால் மூன்று ஸ்பேட். அவர் யோசிக்காமல் 3 ஸ்பேட் என்கிறார். ஜான் ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் 1969-இல் எழுதிய விதியிலிருந்து வந்த கணக்கு இது: இருவரிடமும் சேர்த்து ஒன்பது துருப்பு என்றால் ஒன்பது பிடி தளம் வரை போகலாம்.

இனிக் கிழக்கு என்ன செய்வார்? 4 ஹார்ட்டுக்கு முன் மிச்சம் மூன்றே படிகள். தன் கூட்டாளியிடம் 5 பாயின்ட்டா 13 பாயின்ட்டா என்று அவருக்குத் தெரியாது. டபுள் சொன்னால் இந்தக் கையில் தப்பிவிடுவார். மேற்கு 4 ஹார்ட் சொல்வார். அதே டபுளை, கூட்டாளியிடம் ஒன்றுமில்லாத கையில் சொன்னால் பெருந்தோல்வி. பாஸ் சொன்னால் கைக்கு வந்த கேம் போயிற்று. அவர் எதைச் சொன்னாலும் ஊகம்தான். நாம் செய்தது அவ்வளவுதான், ஆனால் அது பெரிய விஷயம்.

எதிராளிகள் டபுள் சொல்லி நம்மை ஆட விட்டால்? நமக்கு ஆறேழு பிடிதான் வரும், இரண்டு அல்லது மூன்று குறையும். நாம் வல்னரபிள் இல்லையென்றால் அதற்குத் தண்டம் 300 அல்லது 500. எதிராளிகள் வல்னரபிள் என்றால் அவர்களுக்குக் கேமில் 650 வந்திருக்கும். ஆகவே தோற்றும் நமக்கு லாபம். இதே கையில் நாமும் வல்னரபிள் என்றால் தண்டம் 500 அல்லது 800 ஆகிவிடும்; 800 என்றால் கேமை விட்டுக்கொடுப்பதைவிட மோசம். 2 ஸ்பேட் கேட்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், பாயின்ட்டை அல்ல.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது உட்கார்ந்திருக்கும் இடம். நாம் விழுங்கும் படிகள் கூட்டாளிக்கும் சேர்த்துத்தான் போகின்றன. முதல் ஆளாகக் கேட்கும்போது கூட்டாளியிடம் 17 பாயின்ட் இருந்துவிடலாம், திணறுவது அவராகிவிடும். அவர் ஏற்கெனவே பாஸ் சொல்லி, நாம் மூன்றாவதாகக் கேட்கிறோம் என்றால் அந்தப் பயம் குறைவு. பலமான கை பெரும்பாலும் நான்காவது ஆளிடம்தான் இருக்கும். அங்கே சற்று மட்டமான சின்னத்தோடும் துணியலாம். முதல் இரண்டு இடங்களில் மட்டும் சின்னம் மேலே பலமாக இருக்க வேண்டும், பக்கத்தில் நான்கு ஹார்ட் ஒளிந்திருக்கக் கூடாது என்று கண்டிப்பாக இருப்பது நல்லது.

ஏழு சீட்டு இருந்தால் இதையே 3 ஸ்பேட் என்று தொடங்கலாம். பதின்மூன்று படிகள் போகும். எதுவானாலும், ஒருமுறை கேட்டபின் நம் கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. எதிராளிகள் 4 ஹார்ட் என்றதும் ஆசையோடு 4 ஸ்பேட் கேட்பதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. கிழக்கும் மேற்கும் ஊகத்தில் தவித்துக்கொண்டிருக்கையில் அது அவர்களுக்கு டபுள் சொல்ல இன்னொரு வாய்ப்பைக் கொடுக்கிறது. மேலே போவதா வேண்டாமா என்பதைக் கூட்டாளி முடிவு செய்வார். இரண்டு கைகளிலும் என்ன இருக்கிறது என்று நம் பக்கத்தில் தெரிந்தவர் அவர் ஒருவரே.