27 மெய்டன், 5 ரன்!

அசோக் நகர்த் தெருவில் பையன்கள் ஆடும்போது "டக்! டக்!" என்று கேலிக் குரல் கேட்கும். ஒரு ரன்னும் எடுக்காமல் அவுட்டானவனுக்குக் கிடைக்கும் பட்டம் அது. சைபர், வாத்து முட்டை போல இருப்பதால் வந்த பெயர். அவுட்டாகாமல் சைபரில் நின்றால் அது டக் ஆகாது. 100 ரன் எடுத்தால் சதம்.

1964 ஜனவரியில், சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இங்கிலாந்துடன் நடந்த டெஸ்டில் நம் விக்கெட் கீப்பர் குந்தரன் 192 ரன் குவித்தார். அதே பந்தயத்தின் முதல் இன்னிங்ஸில் பாபு நட்கர்னியின் பந்துவீச்சுக் கணக்கு இது:

32 – 27 – 5 – 0

முதல் எண், அவர் வீசிய ஓவர்கள். ஓர் ஓவருக்கு ஆறு பந்து. ஆறிலும் அவர் கணக்கில் ரன் ஏறாவிட்டால் அந்த ஓவர் 'மெய்டன்'. அதுதான் இரண்டாவது எண். மூன்றாவது, கொடுத்த ரன்கள், கடைசி, விக்கெட்டுகள்.

32 ஓவரில் 27 மெய்டன் போக, மிச்சம் ஐந்தே ஓவர். அவற்றில் கொடுத்தது ஐந்தே ரன்! அதிலும் 21 மெய்டன்கள் இடைவிடாமல் வந்தவை.

அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்தால் ஹாட்ரிக். நட்கர்னிக்கோ அன்று ஒரு விக்கெட்டும் இல்லை. கடைசிச் சைபரை மட்டும் பார்த்தவருக்கு அவர் செய்த சாதனை தெரியாது. இரண்டாவது எண்ணையும் பார்த்தவருக்குத்தான் தெரியும்.