பைக் விபத்து: முதல் பத்து நிமிடம்

கார் ஒன்று இண்டிகேட்டர் போடாமல் வலது பக்கம் திரும்புகிறது. பின்னால் வந்த பைக் அதில் மோதுகிறது. விழும்போது ஹேண்டில்பாரின் முனை ஓட்டியவர் வயிற்றில் குத்துகிறது. அவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே" என்கிறார். கார்க்காரர் கொடுத்த இரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இப்படி முடியும் விபத்துகளை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

எழுவதற்கு முன்

அதிர்ச்சியில் சுரக்கும் அட்ரினலின் வலியைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடும். அதனால் சட்டென்று எழக் கூடாது. முதலில் விரல்களையும் பாதங்களையும் அசைத்துப் பாருங்கள். கழுத்து வலித்தாலோ, கை கால் மரத்துப்போனாலோ அப்படியே படுத்திருங்கள். வருகிற வண்டிகளை நிறுத்தும்படி சுற்றி இருப்பவர்களிடம் சொல்லுங்கள். எல்லாம் அசைந்தால் மெதுவாகச் சாலை ஓரத்துக்கு வாருங்கள். பைக் இன்ஜினை யாரையாவது அணைக்கச் சொல்லி, 108-ஐ அழையுங்கள்.

ஹெல்மெட்டை யாரும் இழுத்துக் கழற்ற விடாதீர்கள். கண்ணாடியைத் தூக்கிவிட்டால் போதும். மூச்சு தடைப்பட்டால் மட்டும் ஒருவர் கழுத்தைத் தாங்க, இன்னொருவர் மெல்லக் கழற்றலாம். ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். யார் நீட்டினாலும் தண்ணீரோ சோடாவோ குடிக்காதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பதுதான் நல்லது.

வெளியே தெரியாத காயம்

ஹேண்டில் குத்திய இடத்தில் தோல்கூடக் கிழிந்திருக்காது. உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். வயிறு இறுகுவது, இடது தோள்பட்டையில் காரணமில்லாத வலி, குளிர்ந்த வியர்வை, எழுந்தால் மயக்கம் எல்லாம் அதன் அடையாளங்கள். தலையில் அடிபட்டவரும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சில மணி நேரம் கழித்து வாந்தி எடுத்து, தூக்கக் கலக்கத்தில் விழலாம். ஆகவே அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தமிழ்நாட்டில் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே வரம்புக்கு உட்பட்டுச் செலவை ஏற்கிறது.

போனில் எடுக்க வேண்டியவை

ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்தால் நீங்களோ பக்கத்தில் இருப்பவரோ எடுக்கலாம். வண்டிகளை நகர்த்துவதற்கு முன்பு, கடைப் பெயர்ப் பலகையோ மைல்கல்லோ தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம். பிறகு நம்பர் பிளேட், டயர் தேய்ந்த தடம், உடைந்த கண்ணாடி. பார்த்தவர் ஒருவரின் போன் நம்பரை வாங்குங்கள். எதிரே கடையில் சி.சி.டி.வி. இருந்தால் அன்றே போலீஸிடம் சொல்லுங்கள். பழைய பதிவு சில நாட்களிலேயே அழிந்துவிடலாம்.

மருத்துவமனையில் சொல்லும் முதல் வார்த்தை

மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டை ஏ.ஆர். என்பார்கள். வலியில் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னால் அப்படியே பதிவாகிவிடும். பிறகு இழப்பீடு கேட்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனி அதைத்தான் நீட்டும். எந்த வண்டி மோதியது, எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.