ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். விழுப்புரம் தாண்டியதும் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்று இல்லை. பின்சீட்டில் குழந்தைகள், பக்கத்தில் சீறிப் போகும் லாரிகள். அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது ஸ்டெப்னியைத்தான்.

வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போதே காற்றைப் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் தெரியும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால், அதில் முழுச் சுமைக்குப் போட்டிருக்கும் அளவுதான் கணக்கு. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். நெடுஞ்சாலை வேகத்தில் அது வெடித்துவிடலாம். டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டன் தேயாவிட்டாலும் ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிரேக் ஆயில் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுக் கிளம்பாதீர்கள். பேட் தேய்ந்திருக்கலாம், எங்காவது கசியலாம், மெக்கானிக் பார்க்கட்டும். கூலன்ட் மூடியை இன்ஜின் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது.

ஜாக்கி, வீல் ஸ்பேனர், டார்ச், சிவப்பு முக்கோணம் நான்கையும் பெட்டிகளுக்கு அடியில் புதைக்காமல் கைக்கெட்டும்படி வையுங்கள்.